தாராவிப் பள்ளி நூலகத்துக்கு நிதி கேட்கும் வீடியோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். மும்பை தாராவியில் சமூகத்தார் நடத்தும் ஒரு சிறிய தமிழ்ப் பள்ளிக்கு நூலகம் அமைக்க ஒரு வீடியோ செய்து கொடுத்த பிறகு, சயானிலிருந்தும் செம்பூரிலிருந்தும் அதே மாதிரி வேண்டும் என்று ஆட்கள் கேட்டு வருகிறார்கள். எல்லோருக்கும் போனில் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். உதாரணம் முழுக்க அந்தத் தாராவிப் பள்ளியே.

வீடியோ எத்தனை நிமிஷம் இருக்கணும்? எங்க செயலாளர் பத்து நிமிஷமாவது வேணும்ங்கிறார்.

ஒன்றரை நிமிடம். பத்து நிமிட வீடியோ செயலாளருக்குப் பிடிக்கும், ஆண்டு விழாவில் திரையிடலாம். பணம் கொடுக்கப் போகிறவர் அதைத் தாதரில் வண்டி மாறும்போது, ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்.

நான் செய்த முதல் வீடியோ ஏழு நிமிடம். இன்னொரு பள்ளிக்குச் செய்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள், தலைவர் பேசினார், துணைத் தலைவர் பேசினார், மாடியிலிருந்து பள்ளிக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டினேன். பணம் வேண்டும் என்ற வார்த்தை ஆறாவது நிமிடம் தாண்டித்தான் வந்தது. பார்த்தவர்கள் “நல்லா இருக்கு” என்று கட்டைவிரல் போட்டார்கள். நிதி கேட்டது பாதிப் பேருக்குத் தெரியவே இல்லை. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஒன்றரை நிமிடம் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டால் வசனத்தின் அளவும் தானாக முடிவாகிவிடும். தமிழில் சொற்கள் நீளம். இழுக்காமல், பதறாமல் பேசினால் நிமிடத்துக்குச் சுமார் நூறு சொல் வரும். இடையில் பேச்சே இல்லாத சில நொடிகள் வேண்டும், பள்ளிப் பெயரும் எண்ணும் காட்டும் கடைசி அட்டைக்குச் சில நொடி வேண்டும். ஆக மொத்தம் 110, 120 சொற்கள். எழுதியதை எண்ணிப் பாருங்கள். இருநூறு இருந்தால் வேகமாகப் பேசிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், வெட்டுங்கள்.

சரி, எதிலிருந்து எழுத ஆரம்பிக்கிறது?

கடைசி வரியிலிருந்து. யாரிடம், எவ்வளவு, எதற்கு, எந்தத் தேதிக்குள் கேட்கிறீர்கள் என்பது ஒரே மூச்சில் சொல்லும்படி வந்துவிட்டால் மற்றதெல்லாம் அதற்கு வழி விடும் காட்சிகள்தான். அது வராமல் கேமராவைத் தூக்கினால் நாள் முழுக்கப் பள்ளியைப் படம் பிடித்துவிட்டு, எதை வைப்பது எதை எடுப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்போம்.

அந்தக் கடைசி வரிக்குக் கணக்கு வேண்டும். தாராவிப் பள்ளியில் தலைமை ஆசிரியையும் நானும் ஒரு மாலை உட்கார்ந்து போட்ட கணக்கு இது. நானூறு புத்தகம், சராசரி 110 ரூபாய், ஆக 44,000. கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அலமாரி இரண்டு, 22,000. பாய், அட்டை போடும் பிளாஸ்டிக் தாள், பதிவேடு, அலமாரிக் காலுக்கு அடியில் வைக்கும் மரக்கட்டை எல்லாம் சேர்த்து 6,000. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் தரையில் தண்ணீர் கசியும், அதனால் அந்த மரக்கட்டையைக் கணக்கில் விடவே முடியாது. அப்புறம், தினமும் மாலை இரண்டு மணி நேரம் திறந்து வைத்து, புத்தகம் கொடுத்து வாங்க ஒரு ஆள். அதே தெருவில் இருக்கும் ஒரு அம்மா ஒப்புக்கொண்டார். மாதம் 4,000, ஓராண்டுக்கு 48,000. எல்லாம் கூட்டினால் 1,20,000 ரூபாய்.

ஆள் சம்பளத்தை ஏன் காட்டணும்? புத்தகத்துக்குன்னு கேட்டா ஈசியா கிடைக்குமே.

கிடைக்கும். அதுதான் சிக்கலே. “பத்துப் புத்தகத்துக்கு 1,100 ரூபாய்” என்று கேட்டால் புத்தகத்துக்கான 44,000 சேர்ந்துவிடும். அலமாரிக்கும் ஆளுக்கும் ஒரு பைசா இருக்காது. புத்தகம் என்று சொல்லி வாங்கிய பணத்தைச் சம்பளத்துக்கு எடுத்தால் சொன்ன சொல் பொய். எடுக்காமல் விட்டால் புத்தகம் அட்டைப்பெட்டியில் கிடந்து, ஆகஸ்டில் பூஞ்சை பூத்துவிடும்.

நாங்கள் செய்தது, மொத்தச் செலவைப் புத்தக எண்ணிக்கையால் வகுத்தோம். 1,20,000-ஐ நானூறால் வகுத்தால் 300. ஆகவே வீடியோவில் வந்த வரி: “ஒரு புத்தகத்தை வாங்கி, அட்டை போட்டு, அலமாரியில் வைத்து, ஓராண்டு பிள்ளைகள் கையில் கொடுத்து வாங்க 300 ரூபாய் ஆகிறது.” இதில் ஆளும் இருக்கிறார், மரக்கட்டையும் இருக்கிறது, ஒளிவு மறைவு இல்லை. 300 ரூபாய் என்பது பட்டறையில் வேலை பார்க்கிறவரும் யோசிக்காமல் கொடுக்கக்கூடிய தொகை. வசதியானவர் தானே பத்தால் பெருக்கிக்கொள்வார்.

“உங்களால் இயன்றதைத் தாருங்கள்” என்று மட்டும் எழுதாதீர்கள். கேட்கும்போது பணிவாகத்தான் இருக்கும். ஆனால் எவ்வளவு கொடுத்தால் மரியாதை என்று தெரியாமல், அப்புறம் யோசிக்கலாம் என்று வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒன்றரை நிமிஷத்துக்குள்ள எதை எங்க வைக்கிறது?

எங்கள் வீடியோவை நொடி வாரியாகவே சொல்கிறேன், உங்கள் பள்ளிக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் ஆறு நொடி பேச்சே இல்லை. தலைமை ஆசிரியையின் மேசைக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. முடிச்சுப் போட்ட புடவைத் தலைப்பிலிருந்து ஒரு கை சாவியை எடுக்கிறது, பூட்டு திறக்கும் சத்தம், மூடி கிறீச்சிடுகிறது. திரையில் நான்கு சொல்: “இது எங்கள் பள்ளி நூலகம்.” வணக்கம் இல்லை, பள்ளியின் முழுப் பெயர் இல்லை, சின்னமும் இல்லை. அதெல்லாம் கடைசி அட்டையில் வந்தால் போதும்.

ஆறிலிருந்து இருபத்தைந்தாவது நொடி வரை ஆசிரியை பேசுகிறார். “இந்தப் பெட்டியில் 61 புத்தகம். பிள்ளைகள் 212 பேர். சனிக்கிழமை மட்டும் திறப்போம். முன்னால் வருகிறவருக்குப் படக்கதை, கடைசியில் வருகிறவருக்குப் போன வருஷப் பஞ்சாங்கம்.” பஞ்சாங்கம் நிஜமாகவே பெட்டியில் கிடந்தது. எடுக்கும்போது எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அந்தச் சிரிப்பை வெட்டாமல் விட்டேன்.

இருபத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து வரை ஒரு சிறுமி. நான்காம் வகுப்பு. கையில் முனை மடங்கிய ஒரு முதலைக் கதை. பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே அடுத்த பக்கத்தில் இருப்பதைச் சொல்கிறாள். நான்கு முறை படித்தாயிற்றாம். “வேற முதலைக் கதை இல்லையா டீச்சர்?” என்று கேட்கிறாள். டீச்சர் பதில் சொல்லவில்லை. அங்கே இரண்டு நொடி அமைதி.

நாற்பத்தைந்திலிருந்து அறுபது வரை என்ன செய்யப் போகிறோம் என்பது. காலி அறையில் சுவரில் சாக்பீஸால் இரண்டு அலமாரியின் அளவைக் கோடு போட்டிருந்தோம். ஒரு பையன் அந்தக் கோட்டுக்குள் நின்று, மேல் தட்டு எட்டுகிறதா என்று கையைத் தூக்கிப் பார்க்கிறான். கம்ப்யூட்டரில் அழகாக வரைந்த நூலகப் படத்தைவிட இது நன்றாக வேலை செய்தது. இடம் இருக்கிறது, ஆள் இருக்கிறார், பொருள்தான் இல்லை என்பது சொல்லாமலே தெரிந்துவிடும்.

அறுபதிலிருந்து எண்பத்து நான்கு வரை வேண்டுகோள். ஆசிரியை கேமராவை நேராகப் பார்க்கிறார். முன்பு சொன்ன 300 ரூபாய் வாக்கியம், அதன் பின்: “இப்படி நானூறு புத்தகம் வேண்டும். பள்ளி திறப்பதற்குள் ஒரு புத்தகத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். திரையில் தெரியும் எண்ணுக்குப் ‘புத்தகம்’ என்று ஒரு வார்த்தை அனுப்புங்கள், மீதியை நாங்கள் சொல்கிறோம்.” இதற்குப் பின்னால் ஒரு வார்த்தையும் கிடையாது. இங்கே போய் “பகிருங்கள், சப்ஸ்கிரைப் செய்யுங்கள், பழைய புத்தகம் இருந்தாலும் கொடுங்கள்” என்று சேர்த்தால், பணம் கொடுக்க இருந்தவர் பரணில் கிடக்கும் பழைய கைடுகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கடமை முடிந்தது என்று போய்விடுவார்.

கடைசி ஆறு நொடி, அசையாத அட்டை. பள்ளிப் பெயர், எண், தொகை, தேதி.

தேதியைக் குரலில் சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள். மும்பையில் பள்ளிகள் ஜூன் மத்தியில் திறக்கும். குரலில் “பள்ளி திறப்பதற்குள்” என்று வைத்து, “மே 31” என்பதை அட்டையில் மட்டும் போட்டேன். காலம் நீட்ட வேண்டியிருந்தால் அட்டையை மாற்றினால் போதும், ஆசிரியையை மறுபடி உட்கார வைத்துப் பேசச் சொல்ல வேண்டியதில்லை.

பசங்களே கெஞ்சிக் கேட்டா இன்னும் உருக்கமா இருக்குமே?

வேண்டாம். பிள்ளை கைகூப்பி “உதவி செய்யுங்கள்” என்று சொன்னால், எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிறது என்று ஒரே நொடியில் தெரிந்துவிடும். அந்த வீடியோ அவள் கல்லூரிக்குப் போகும்போதும் யாரோ ஒருவர் போனில் இருக்கும் என்பதையும் நினைக்க வேண்டும். கேட்பது பெரியவர்கள் வேலை. பிள்ளை தான் செய்வதைச் செய்யட்டும், படிக்கட்டும், கேள்வி கேட்கட்டும்.

முகம் தெரியும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பா அல்லது அம்மாவிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வீடியோ எதற்கு, எங்கெல்லாம் போகும் என்பதைத் தமிழில் ஒரு பத்தியாக எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்து. முழுப் பெயர், வீட்டுத் தெரு, அடையாள அட்டை எதுவும் திரையில் வரக்கூடாது. முதலைக் கதைச் சிறுமியின் கழுத்தில் தொங்கிய அட்டையை நான் கவனிக்காமல் விட்டு, ஒரு முழுக் காலைப்பொழுது எடுத்ததைத் திரும்ப எடுத்தேன்.

எங்க ஏரியால எப்பவும் சத்தம். பேசறது காதுல விழுமா?

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் உடனே மூடிவிடுவார்கள். தாராவியில் பக்கத்துக் கடையில் தையல் மெஷின் ஓடும், மேலே பத்ரா என்கிற தகரக் கூரை, மழை வந்தால் பறைகொட்டு மாதிரி இருக்கும்.

எளிய வழி, இரண்டு போன். ஒன்றில் படம். இன்னொன்றில் குரல் பதிவு செயலியை ஓடவிட்டு, பேசுபவரின் மார்புக்குப் பக்கத்தில், கேமராவில் படாமல் வையுங்கள். சட்டைக் காலரில் குத்தும் மைக் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டும் ஓடும்போது ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். வெட்டி ஒட்டும்போது அந்தக் கைதட்டல் முனையை வைத்துக் குரலையும் படத்தையும் சேர்த்துவிடலாம். பேச்சைச் சுவரும் சிமெண்ட் தரையும் மட்டும் உள்ள வெற்று அறையில் எடுக்காதீர்கள், எதிரொலிக்கும். நாங்கள் தரையில் பாயும், கேமராவுக்குப் பின்னால் கொடியில் நான்கு போர்வையும் போட்டோம்.

தமிழ்ல பேசலாமா, இல்ல இந்தில எடுக்கணுமா?

தமிழில் பேசுங்கள், எழுத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். மும்பையில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் நிறையப் பேர் தமிழைக் கேட்டால் புரிந்துகொள்வார்கள், படிக்கத் தெரியாது. இப்போது சம்பாதிப்பவர்கள் அவர்கள்தான். திரை முழுக்கத் தமிழ் எழுத்தை மட்டும் ஓடவிட்டு, பேச்சில்லாமல் பின்னணி இசை போட்ட ஒரு வீடியோ என் கைக்கு வந்தது. என் தங்கை மகன் பார்த்துவிட்டு, “மாமா, இதுல என்ன போட்டிருக்கு?” என்று கேட்டான்.

அதே சமயம் ரயிலில் பார்ப்பவர் சத்தத்தை அணைத்துத்தான் பார்ப்பார். ஆகவே பேச்சு தமிழில், கீழே ஆங்கிலத்திலோ இந்தியிலோ வரி. அந்த வரியைப் படத்தோடு சேர்த்தே பதித்துவிடுங்கள். தனிக் கோப்பாக இருந்தால் வாட்ஸ்அப்பில் போகும்போது அது கூட வராது. இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், எழுத்து பெரிதாக இருக்கட்டும். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்பும், சின்ன எழுத்து குழம்பிவிடும். உங்கள் போனிலிருந்து இன்னொரு போனுக்கு அனுப்பி, அங்கே வந்ததைப் பார்த்துச் சரிபாருங்கள். எடிட் செய்த கம்ப்யூட்டரில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கடைசில கியூஆர் கோடு போட்டுட்டா போதாதா?

வீடியோ ஓடுகிற போனாலேயே அந்த வீடியோவில் இருக்கும் கோடை எப்படி ஸ்கேன் செய்வார்? ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பணம் போடும் செயலியைத் திறந்து, படத்தைத் தேடி எடுக்க வேண்டும். பழகியவர்கள் செய்வார்கள். பெரியவர்கள் பாதி வழியில் விட்டுவிடுவார்கள். கோடு, மண்டபத்தில் பெரிய திரையில் காட்டுவதற்கும் சுவரொட்டிக்கும் சரி. வாட்ஸ்அப்புக்கு ஒரு எண்ணும் ஒரு வார்த்தையும்தான். “புத்தகம்” என்று வந்ததும் யுபிஐ முகவரியை ஒருவர் அனுப்பி வைப்பார். ஆள் பதில் சொல்ல வேண்டும் என்பது கூடுதல் வேலைதான். ஆனால் யார் கொடுக்க நினைத்தார்கள், யார் மறந்தார்கள் என்ற பட்டியல் கையில் இருக்கும்.

வங்கிக் கணக்கு பள்ளியை நடத்தும் அறக்கட்டளை பெயரில் இருக்க வேண்டும். செயலாளரின் சொந்த எண்ணுக்குப் பணம் போடச் சொல்லாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. வீடியோ சுற்றி வரும்போது அட்டையை மட்டும் மாற்றித் தன் எண்ணைப் போடுகிறவர்களும் உண்டு. அதனால் பதிலில் இதையும் எழுதுங்கள்: “பணம் போடும் முன் திரையில் எங்கள் அறக்கட்டளையின் பெயர் வரும். வேறு பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள்.”

துபாய், சிங்கப்பூர்ல இருக்கிற சொந்தக்காரங்களுக்கும் அனுப்பலாமா? வரிவிலக்கு உண்டான்னு வேற கேக்கறாங்க.

பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு துபாயில் வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால், சட்டப்படி அது வெளிநாட்டு நிதி ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர் கொடுத்தால் ஆகும், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் அதே கதைதான். அப்படிப்பட்ட பணத்தை வாங்க எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நிதிச் சட்டப்படி பதிவும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்று ஒரு கணக்கும் வேண்டும். சின்னப் பள்ளிகளிடம் பெரும்பாலும் இருக்காது. “அன்போடு கொடுக்கிறார், ஏன் மறுக்க வேண்டும்” என்று வாங்கிவிட்டால் மாட்டிக்கொள்வது அறக்கட்டளைதான். வெளியூர்க் குழுவில் போடும்போது, இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் மட்டும் கொடுக்கலாம் என்று கூடவே ஒரு வாக்கியம் எழுதிவிடுங்கள்.

நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் பதிவு, 80ஜி என்று சொல்வார்களே அது, அறக்கட்டளையிடம் இருந்தால் மட்டுமே வரிச்சலுகை என்ற பேச்சை எடுங்கள். இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் கிடையாது. இத்தனை நிபந்தனையையும் ஒன்றரை நிமிடத்தில் திணிக்க முடியாது. கேட்பவருக்கு மட்டும் பதிலில் சொல்லுங்கள்.

அனுப்பிட்டோம். எல்லாரும் சூப்பர்னு சொல்றாங்க, பணம் வரல. எங்க தப்பு?

அனுப்புவதற்கு முன்பே கண்டுபிடித்திருக்கலாம், இப்போதும் முடியும். பள்ளியோடு சம்பந்தமில்லாத மூன்று பேரைப் பிடியுங்கள். ஒருவர் இளையவர், ஒருவர் வயதானவர், ஒருவர் கடைக்காரராக இருக்கட்டும். ஒரே ஒரு தடவை காட்டி, போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். எவ்வளவு கேட்டார்கள்? எதற்கு? இப்போது நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

தொகை தெரியவில்லை என்றால் கடைசி வரி நீளம், அல்லது ஒன்றுக்கு மேல் கேட்டிருக்கிறீர்கள். எதற்கு என்று தெரியவில்லை என்றால் முதல் அரை நிமிடத்தில் பள்ளி வரலாறு புகுந்திருக்கும். மூன்றாவது கேள்விக்கு “ஷேர் பண்ணணும்” என்று பதில் வந்தால், வேண்டுகோளுக்குப் பின்னால் ஏதோ ஒரு வரி தொங்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் வீடியோவுக்கு இந்தச் சோதனையை 90 அடி ரோட்டில் ஒரு டீக்கடையில் வைத்தேன். கடைக்காரர் முதல் இரண்டுக்கும் டக்கென்று சொன்னார். மூன்றாவதுக்கு, “எண்ணை எழுதறதுக்குள்ள போயிடுச்சே தம்பி” என்றார். அதுவரை கடைசி அட்டை இரண்டு நொடிதான் இருந்தது. ஆறு நொடி ஆனது அன்றைக்குத்தான்.